பக்கத்து ஷிப்ட்காரர் மேனேஜரானால்

பொதுத்துறை வங்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளார்க்காக இருந்தவர் அதிகாரித் தேர்வில் ஜெயித்தால், பெரும்பாலும் அவரை அதே கிளையில் உட்கார வைக்க மாட்டார்கள். வேறு ஊருக்கோ, குறைந்தபட்சம் வேறு கிளைக்கோ ஆர்டர் வந்துவிடும். வீடு மாற்ற வேண்டும், பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டும் என்று வங்கி ஊழியர்கள் இதைப் பற்றிப் புலம்பாத நாள் கிடையாது. பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு கவுண்டரிலேயே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த மாற்றலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நேற்றுவரை பக்கத்து கவுண்டரில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு இன்று நீங்கள் லீவ் லெட்டர் நீட்ட வேண்டியதில்லை. மாலை போட்டு, போட்டோ எடுத்து, ரயிலேற்றி அனுப்பிவிட்டால் வாழ்த்து முடிந்தது.

தனியார் கம்பெனியில் அந்த வசதி கிடையாது. வெள்ளிக்கிழமை கேண்டீனில் ஒரே தட்டில் பகோடா எடுத்தவர், திங்கட்கிழமை உங்கள் ஓவர்டைமுக்குக் கையெழுத்துப் போடுகிறார். நடுவில் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அந்த இடைவெளிக்குள் அவருக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். பேச்சுக்கு, ஒருவர் குமார், இன்னொருவர் செல்வம். இரண்டு பேரும் டிப்ளமோ முடித்து ட்ரெய்னியாகச் சேர்ந்தவர்கள். இரண்டு பேரும் ஷிப்ட் இன்சார்ஜ். ஒருவர் ஷிப்ட் முடித்து நோட்டில் எழுதி வைப்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் மிஷினை ஓட்டுவார். கம்பெனி பஸ் தாமதமானால் இவர் அவருக்காக அரைமணி நேரம் கூட நிற்பார். வீட்டில் விசேஷம் என்றால் அவர் இவருடைய நைட் ஷிப்டை எடுத்துக்கொள்வார். பழைய மேனேஜரைப் பற்றி இருவரும் வாட்ஸப்பில் எழுதிக்கொண்டதை வெளியே சொல்ல முடியாது. அந்த மேனேஜர் வேறு பிளான்ட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு அசிஸ்டன்ட் மேனேஜராக குமாரைப் போட்டு, சாயங்காலம் நான்கு மணிக்கு எச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது. செல்வமும் அந்த இடத்தைக் கேட்டிருந்தார்.

மெயில் வந்த ஐந்து நிமிடத்தில் குரூப் நிரம்பிவிடும். பூங்கொத்து, கைகுவிப்பு, ‘கங்க்ராட்ஸ் சார்’, ‘ட்ரீட் எப்போ?’. முப்பது பேர் போடுவார்கள். குமார் அத்தனைக்கும் சேர்த்து ஒரே நன்றியைப் போட்டுவிட்டு, அந்த வரிசையில் ஒரு பெயரைத் தேடுவார். செல்வம் போட்டாரா? போட்டிருந்தால் என்ன போட்டார்? புதிதாகப் பதவிக்கு வந்தவருக்கு அன்று ராத்திரி இருக்கும் பெரிய பயம் வேலையைப் பற்றியது அல்ல. வேலை அவருக்குத் தெரியும். நேற்றுவரை சமமாக இருந்தவர்கள் நாளை தன் பேச்சைக் கேட்பார்களா என்பதுதான் பயம். மேலே இருந்து வந்த நியமன மெயில் பாதி அதிகாரத்தைத்தான் கொடுக்கிறது. மீதிப் பாதி செல்வத்தின் கையில் இருக்கிறது. வாழ்த்து என்ற பெயரில் செல்வம் கொடுக்கப்போவது அதைத்தான்.

கொடுப்பது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? ‘பொறாமை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் பழக்கம். ஆனால் செல்வம் பொறாமைக்காரர் அல்ல. மச்சினன் துபாயில் பெரிய வேலைக்குப் போனபோது ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர். ஆப்ரகாம் டெசர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-ல் ஜோனதன் ஸ்மித்துடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். ஆட்களை அவரவர் நண்பருடன் வரவழைத்து, வார்த்தை கண்டுபிடிக்கும் விளையாட்டு விளையாடச் சொன்னார். எதிரே இருப்பவர் கண்டுபிடிக்க இவர்கள் குறிப்பு தர வேண்டும். சுலபமான குறிப்பும் இருக்கும், கடினமான குறிப்பும் இருக்கும். இது வெறும் விளையாட்டு என்று சொன்னபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்கு நல்ல குறிப்பாகக் கொடுத்தார்கள். இது உங்கள் திறமையைக் காட்டும் பரீட்சை என்று சொன்னபோது நிலைமை தலைகீழானது. நண்பர் ஜெயித்துவிடக் கூடாது என்பதுபோல, அவருக்குக் கடினமான குறிப்புகள் போயின.

இதை வைத்து டெசர் பின்னாளில் ஒரு கோட்பாடே எழுதினார். நெருங்கியவருடைய வெற்றி, நமக்குச் சம்பந்தமில்லாத துறையில் என்றால் அந்த வெளிச்சம் நம்மீதும் படுகிறது. நாம் உயிரைக் கொடுக்கும் அதே துறையில் என்றால் சுடுகிறது. நெருக்கம் கூடக்கூடச் சூடும் கூடும். துபாய் மச்சினன் இனிப்பதற்கும் பக்கத்து ஷிப்ட் குமார் கசப்பதற்கும் காரணம் இதுதான். செல்வத்தின் குணத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. எனவே உள்ளே சுடுவது அடங்கட்டும், மனசார வாழ்த்த முடிகிறபோது வாழ்த்துவோம் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை. அது அடங்க மாசக்கணக்கில் ஆகும். வாழ்த்து அன்றைக்கே போக வேண்டும்.

அன்றைக்கே என்றால், குரூப்பில் ஒரு வரி போடுவதோடு நிற்கக் கூடாது. குரூப் வரி ஊருக்கு. அதைப் போடாவிட்டால் மற்றவர்கள் கவனிப்பார்கள் என்பதால் போட வேண்டும், மற்றவர்கள் போட்ட அளவுக்கே போட வேண்டும். உருக்கமாக நீட்டி எழுதினால் அதையும் கவனிப்பார்கள். குமாருக்கான வாழ்த்து நேரில். இருவரும் வேறு வேறு ஷிப்ட் என்றால் போன். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆட்கள் சுற்றி நிற்பார்கள், அப்போது வேண்டாம். பார்க்கிங்கிலோ பஸ் ஏறும் இடத்திலோ இரண்டு நிமிடம் போதும். அதில் இரண்டு விஷயம்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, அவர் செய்த ஒரு காரியம். ‘நீ ரொம்ப திறமைசாலிடா’ என்பதை மேலதிகாரிகள் மேடையில் சொல்லிவிடுவார்கள். பக்கத்து ஷிப்ட்காரருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கும். “போன வெயில்ல கம்ப்ரஸர் நின்னப்ப, என் ஷிப்டுன்னு பாக்காம வீட்டுக்குப் போகாம நின்ன பாரு, அன்னிக்கே எனக்குத் தெரியும்.” இது குமாருடைய எந்த அப்ரைசல் தாளிலும் இருக்காது. அவரோடு நின்று வேலை பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. நியாயமாகக் கிடைத்த பதவிதான் என்று செல்வம் சாட்சி சொல்வதாக குமார் அதை எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, இனிமேலைப் பற்றி ஒரு வாக்கியம். “லைன்ல என்ன வேணும்னாலும் நேரா சொல்லு, நான் பாத்துக்கறேன்.” அவ்வளவுதான். ‘எனக்கும் நீதான் ஒரு வழி பண்ணணும்’ என்று விளையாட்டாகக்கூடச் சேர்க்கக் கூடாது. வாழ்த்தோடு ஒரு கோரிக்கை ஒட்டிக்கொண்டு வந்தால், கேட்பவர் காதில் கோரிக்கைதான் விழும்.

நம் ஊர் வாழ்த்துகளில் சில, உண்மையில் வாழ்த்தே அல்ல. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துப் பார்க்க உதவுகிறது. ஒருவர் நல்ல செய்தி சொன்னால் நெருக்கமானவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கவனித்து, நாலு விதமாகப் பிரித்தார்கள். ஆர்வமாகக் கேட்டு, அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்வது ஒன்று. ‘நல்லது’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்வது இரண்டு. செய்தியையே பொருட்படுத்தாமல் வேறு பேச்சுக்குப் போவது மூன்று. அதில் உள்ள கஷ்டத்தைத் தோண்டி எடுத்துக் காட்டுவது நான்கு. முதல் வகைதான் உறவு நன்றாக இருப்பதோடு சேர்ந்து வந்தது. பார்க்க மரியாதையாக இருக்கிற அந்த இரண்டாவது வகைகூட அப்படி உதவவில்லை. அவர்கள் ஆராய்ந்தது காதலர்களையும் தம்பதிகளையும்தான், ஷிப்ட் இன்சார்ஜ்களை அல்ல. இருந்தாலும் இந்த நாலையும் ஒரகடத்தில் வைத்துப் பார்த்தால் அப்படியே பொருந்துகிறது.

‘ட்ரீட் எப்போ?’ என்பது இரண்டாவது வகை. தப்பில்லை, ஆனால் முப்பது பேர் கேட்டுவிட்டார்கள். ‘சரி சரி, அந்த மூணாம் நம்பர் மோல்டு என்னாச்சு?’ என்பது மூன்றாவது. நாலாவது வகையில் நம்மவர்கள் மன்னர்கள். ‘பாவம்டா நீ, இனி ராத்திரி தூக்கம் போச்சு.’ ‘சம்பளம் ரெண்டாயிரம் ஏத்திட்டு ரத்தத்தை உறிஞ்சிடுவான்.’ ‘அந்தச் சீட்டுல உக்காந்தவன் எவன் நிலைச்சான்?’ இதெல்லாம் அக்கறை மாதிரி வெளியே வரும். சொல்கிறவரும் அக்கறை என்றே நம்புவார். குமார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லும்போதுதான் அது வேறாகத் தெரியும். இதே வரிசையில் ஐந்தாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொள்கிறேன்: ‘சார் ஆயிட்டீங்க, இனி எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா?’ இதைக் கேட்டு யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. கேட்ட பிறகு அடுத்த ஒரு மாதத்துக்கு, எங்கே கண்ணு தெரியவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிக்காமல் இருந்த மேனேஜர்களும் உண்டு.

‘சார்’ என்றதும் அடுத்த சிக்கல் வந்துவிட்டது. இதுவரை ‘டா’ போட்டுக் கூப்பிட்டவரை எப்படிக் கூப்பிடுவது? இருவரும் தனியே இருக்கும்போது பழையபடி பேசுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. குமாரே அதை மாற்றும்வரை செல்வமாக மாற்ற வேண்டியதில்லை. திடீரென்று ‘நீங்க, வாங்க’ என்று ஆரம்பித்தால் கோபம் என்றே அர்த்தமாகும். ஆபரேட்டர்களும் ட்ரெய்னிகளும் நிற்கும் இடம் வேறு. அங்கே செல்வம் ‘டேய் குமார்’ என்று ஒருமுறை கூப்பிட்டால், அடுத்த வாரமே நேற்றுச் சேர்ந்த பையன் குமாரிடம் எகிறுவான். லைனில் எல்லோரும் ‘குமார் சார்’ என்றால் செல்வமும் ‘குமார் சார்’ என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் போகலாம். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சார்’-ஐ இழுத்துச் சொன்னால் சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் அது புரியும்.

வயது குறைந்தவர் மேலே வந்தால் இதில் இன்னொரு முடிச்சு. அவர் உங்களை ‘அண்ணே’ என்றே கூப்பிட்டு வந்திருப்பார். அவரே தொடர்ந்து ‘அண்ணே’ என்றால், அதை வாங்கிக்கொண்டு அவரைப் பெயரும் ‘நீங்க’வுமாகப் பேசுவது அழகு. தொழிற்சாலைகளில் மேனேஜர்களே மூத்த டெக்னீஷியன்களை ‘அண்ணே’ என்பது சகஜம். அதனால் அவர்கள் கையெழுத்தின் மதிப்பு குறைந்ததில்லை. ‘தம்பி’ என்று எல்லோர் முன்னும் கூப்பிடுவதைத்தான் நிறுத்த வேண்டும். பெண் ஒருவர் மேனேஜரானால் ‘அவங்களுக்கென்ன, கொடுத்துட்டாங்க’ என்ற முணுமுணுப்பு எங்கிருந்தாவது கிளம்பும். சமமாக வேலை பார்த்தவர் அந்த இடத்தில் வாயைத் திறந்து, அவர் செய்த வேலையைச் சொல்வது முப்பது பூங்கொத்துகளைவிடப் பெரிய வாழ்த்து.

செல்வமும் அந்த இடத்தைக் கேட்டிருந்தார் என்று சொன்னேன். அதை என்ன செய்வது? குமாருக்கு அது தெரியாது என்றால் வாழ்த்தில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தெரியும் என்றால், தெரியாததுபோல் இருவரும் நடிப்பது முகத்தில் தெரிந்துவிடும். ஒரே ஒருமுறை, பார்க்கிங்கில் வாழ்த்திய அந்த இரண்டு நிமிடத்துக்குள், “நானும் கேட்டிருந்தேன், உனக்கே தெரியும். வருத்தம் இருக்கு, அது உன் மேல இல்ல” என்று சொல்லிவிடலாம். இரண்டாம் முறை சொன்னால் அது புகார். ‘எனக்குத்தான் வந்திருக்க வேண்டியது’ என்ற வாக்கியத்தை எந்த உருவத்திலும் குமாரிடம் கொண்டுபோகக் கூடாது. காரணம் எளிது: அவர் அந்த முடிவை எடுக்கவில்லை, அவரால் அதை மாற்றவும் முடியாது. கேள்வி இருந்தால் அதற்கு ஆள் வேறு. முடிவெடுத்த பிளான்ட் ஹெட்டிடம், சூடு ஆறி மூன்று நாலு வாரம் கழித்து, நேரம் கேட்டுப் போய், “எனக்கு எது போதலன்னு சொன்னா சரி பண்ணிக்கலாம்” என்று கேட்கலாம். அங்கே குமாரின் பெயரை எடுக்காமல் பேசுகிறவருக்குத்தான் நேரான பதில் கிடைக்கும்.

பரிசு கொடுக்கலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். நம் வழக்கப்படி இனிப்பு வாங்கித் தர வேண்டியது பதவி உயர்ந்தவர்தான். அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இதற்கு நல்ல ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கல்யாணம் போன்ற விசேஷங்களில் நெருங்கிய உறவினரிடமும், அலுவல் தொடர்பு எதுவும் இல்லாத நண்பரிடமும் ஊழியர் பரிசு வாங்கலாம் என்கிறது 13-ஆம் விதி. எப்போதாவது ஒரு வேளை சாப்பாடும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் பரிசுக் கணக்கில் வராது என்றும் அதே விதி சொல்கிறது. ஒரகடம் தொழிற்சாலைக்கு இந்த விதி பொருந்தாதுதான். ஆனால் வெள்ளிக்கிழமைவரை அலுவல் தொடர்பு இல்லாத நண்பராக இருந்த செல்வம், திங்கள் முதல் குமாரிடம் லீவும் இன்கிரிமென்ட்டும் எதிர்பார்ப்பவர். வாட்ச் வாங்கிக் கொடுத்தால் குமாருக்கு அதைக் கட்டவும் கஷ்டம், கட்டாமல் இருக்கவும் கஷ்டம். டீக்கு செல்வம் காசு கொடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வாழ்த்து சொல்லியாகிவிட்டது. அது உண்மையா என்று குமாருக்குத் தெரிவது மூன்றாவது வாரத்தில். செல்வத்துக்கு அவசரமாக ஒரு நாள் ஷிப்ட் மாற்ற வேண்டும். முன்பென்றால் இருவரும் பேசி மாற்றிக்கொண்டு, மேனேஜருக்குக் கடைசியில் சொல்வார்கள், அல்லது சொல்ல மாட்டார்கள். அந்தக் குறுக்கு வழிகள் அத்தனையும் குமாருக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றில் பாதியை அவரே கண்டுபிடித்தார். இப்போது செல்வம் போய் “அட்ஜஸ்ட் பண்ணிக்கடா” என்றால், பார்க்கிங்கில் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் இதற்காகத்தானோ என்று தோன்றும். மற்றவர்களைப் போலவே முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டு, மாற்று ஆளையும் சொல்லிவிட்டால், குமாருக்கு ‘சரி’ சொல்வதும் சுலபம், ‘முடியாது’ சொல்வதும் சுலபம். முதல் இரண்டு மூன்று மாதம் குமாரிடம் எந்தச் சலுகையும் கேட்காமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை அவர் ‘முடியாது’ என்று சொன்னால், அதை கேண்டீனில் கொண்டுபோய் வைக்காமல் இருக்க வேண்டும்.

பழைய மேனேஜரைத் திட்டிய அந்த வாட்ஸப் குரூப்பிலிருந்து குமார் ஒருநாள் சத்தமில்லாமல் விலகிவிடுவார். அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. விலகாவிட்டால்தான் கஷ்டம், அவரைப் பற்றி எங்கே எழுதுவது? அவர் இருந்த காலத்தில் அதில் எழுதியதை யாரும் எடுத்துக் காட்டாமல் இருப்பதும் ஒரு மரியாதை.

வாழ்த்து ஒட்டவில்லை என்றால் சில அறிகுறிகள் தெரியும். நேரில் சொல்லிவிடக்கூடிய சின்ன விஷயத்துக்கெல்லாம் குமார் மெயில் போடுவார். அதில் பெரியவருக்கும் ஒரு காப்பி போகும். செல்வத்தின் லைனில் ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் நடுவில் இன்னொருவரை வைத்துச் சொல்லி அனுப்புவார். டீ நேரத்தை மாற்றிக்கொள்வார். இதில் இரண்டு மூன்று சேர்ந்தே தெரிந்தால், செல்வத்திடமிருந்து வர வேண்டிய ஒன்று வரவில்லை என்று குமார் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றே பொருள். செல்வம் சொல்லியிருக்கலாம், அது சரியாகப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம்.

சொல்லாமலே பதினைந்து நாள் ஓடிவிட்டது என்றாலும் கதவு மூடிவிடாது. அப்போது தாமதத்துக்குக் காரணம் தேட வேண்டாம். ‘பிஸியா இருந்தேன்’ என்பதை ஒரே கேட்டில் பஞ்ச் பண்ணுகிறவரிடம் சொல்ல முடியாது. மெயில் வந்த நாளுக்குத் திரும்பிப் போகவும் வேண்டாம். இந்தப் பதினைந்து நாளில் குமார் மேனேஜராகச் செய்த ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்ளலாம். “அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. மெயின்டனன்ஸ் ஆளுங்களை நைட் ஷிப்டுக்கும் போட்ட பாரு, நம்ம நாலு வருஷமா கேட்டது அது. வந்த பத்தே நாள்ல பண்ணிட்ட.” அந்த ‘நம்ம’ வாயில் தானாக வந்துவிட்டால் தனியாக ‘கங்க்ராட்ஸ்’ என்று சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. குமார் அதற்கு, அந்த ஏற்பாட்டில் இன்னும் சரியாகாத ஒன்றைச் சொல்லி, உன் ஷிப்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பார்.